நாளிதழ்த் தலைப்புகளில் தொகையும் எச்சமும்: ஆங்கிலத் தொடராக விரித்தெழுதுவதில் எழும் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாளிதழ்களின் செய்தித் தலைப்புகள் வேற்றுமை உருபு, வினைமுற்று, வினைமுதல், காலம் ஆகியவற்றைத் தொகுத்துக்கொண்டு சில சொற்களில் அமைகின்றன. அவற்றை ஆங்கிலத்தில் முழுத்தொடராக எழுத முற்படுவோர், தொக்கு நின்றவற்றுள் எவற்றை விரிப்பது, எவற்றை விரிக்காமல் விடுவது என முடிவுசெய்ய வேண்டியுள்ளது. தமிழ் இலக்கண மரபின் தொகை, எச்சம் ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு இம்முடிவினை ஒழுங்குபடுத்த இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செய்தித் தலைப்பு, வேற்றுமைத்தொகை, தொழிற்பெயர், வினையெச்சம், செயப்பாட்டுவினை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

‘கார் மோதி முதியவர் பலி’ என்னும் தலைப்பில் நான்கு சொற்களே உள்ளன. வினைமுற்று இல்லை, வேற்றுமை உருபு இல்லை, காலம் காட்டும் முற்றும் இல்லை. ஆயினும் தமிழ் வாசகர் எவரும் இதனைப் பொருள் விளங்காத தொடராகக் கொள்வதில்லை. நாளிதழ் படித்துப் பழகிய அறிவு விடுபட்டவற்றைத் தானே நிரப்பிக்கொள்கிறது. நிரப்பப்படுகிறது என்பதே வாசகருக்குத் தெரிவதில்லை.

இத்தலைப்பை ஆங்கிலத்தில் முழுத்தொடராக எழுத வேண்டிய நிலையில்தான் விடுபட்டவை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலனாகின்றன. ஆங்கிலத் தொடருக்குக் காலம் காட்டும் வினை இன்றியமையாதது. பெயருக்கு முன் ‘எ’, ‘தி’ ஆகியவற்றுள் ஒன்று வேண்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் முடிவுசெய்ய வேண்டும். செய்வினையா செயப்பாட்டுவினையா என்பதையும் தெரிவுசெய்ய வேண்டும். ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளும் இவற்றைச் சுருக்குவனவே. எனினும் இக்கட்டுரை தலைப்பைத் தலைப்பாக மாற்றுவதைப் பற்றியதன்று. ஆய்வேட்டில் சான்றாக மேற்கோள் காட்டுதல், வழக்கு ஆவணமாக மொழிபெயர்த்தல், மொழிபெயர்ப்பு வகுப்பில் பயிற்சியாகத் தருதல் ஆகிய சூழல்களில் தலைப்பு முழுத்தொடராகவே வேண்டப்படுகிறது. அச்சூழல்களே இங்குக் கருத்திற்கொள்ளப்பட்டுள்ளன.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படும் தலைப்புகள் நாளிதழ் வழக்கை ஒட்டி அமைத்துக்கொள்ளப்பட்டவை. குறிப்பிட்ட இதழ் எதனிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. ஆங்கிலத் தொடர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

1. தலைப்பும் தொகையும்

தலைப்புகளில் காணப்படும் சுருக்கம் அச்சு ஊடகம் புதிதாகப் படைத்துக்கொண்டதன்று. உருபு மறைந்து நின்று பொருள் தருவதை வேற்றுமைத்தொகை என்றும், காலம் கரந்து நிற்பதை வினைத்தொகை என்றும் தமிழ் இலக்கணம் நெடுங்காலமாக வகுத்துரைத்துள்ளது. தொகையாகச் சுருங்கிய தொடர் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தரும் என்பதையும் இலக்கண நூலார் உணர்ந்திருந்தனர். அவ்வாறு மயங்கும் பொருள் இரண்டு முதல் ஏழு வரை அமையலாம் என்கிறது நன்னூல். ‘புலிகொல் யானை’ என்பது புலியைக் கொன்ற யானையையும் குறிக்கும். புலியால் கொல்லப்பட்ட யானையையும் குறிக்கும். இரண்டாம் வேற்றுமை தொக்கதா, மூன்றாம் வேற்றுமை தொக்கதா என்பதைத் தொடரே சொல்வதில்லை.

நாளிதழ்த் தலைப்பின் மயக்கமும் இவ்வகையினதே. ‘மாணவர் தாக்குதல்: இருவர் கைது’ என்னும் தலைப்பை நோக்குக. மாணவரை யாரோ தாக்கினர் என்றும் கொள்ளலாம். மாணவர் யாரையோ தாக்கினர் என்றும் கொள்ளலாம். முதற்பொருளில் கைதான இருவர் மாணவர் அல்லாத பிறராக இருத்தல் கூடும். இரண்டாம் பொருளில் அவர்களே மாணவராகின்றனர். உருபு ஒன்று தொக்கதனால் தாக்கப்பட்டவர் தாக்கியவராக மாறிவிடுகிறார். தமிழ்த் தலைப்பு இரு பொருளையும் ஒருங்கே தாங்கி நிற்க, ஆங்கில முழுத்தொடர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

எனவே தலைப்பிலிருந்து நேரே ஆங்கிலத்திற்குச் செல்லாமல், இடையில் ஒரு படி அமைத்துக்கொள்வது பயன்தரும். தொக்க உருபையும் வினையையும் விரித்துத் தமிழிலேயே முழுத்தொடராக முதலில் எழுதிப் பார்த்தல் அப்படியாகும். விரிப்பதற்கு இரண்டு வழிகள் கிடைப்பின் இரண்டையும் எழுத வேண்டும். மயக்கம் தமிழிலேயே வெளிப்பட்டுவிட்டால் அது அறியாமல் ஆங்கிலத்திற்குள் நுழைவதில்லை.

2. பெயரில் முடியும் தலைப்புகள்

தமிழ்த் தலைப்புகளில் மிகப் பரவலாக வழங்கும் வடிவம், ஒரு பெயரை அடுத்துச் செயலைக் குறிக்கும் மற்றொரு பெயர் நின்று முடிவதாகும். ‘தலைவர் கைது’, ‘கலெக்டர் ஆய்வு’, ‘ஆசிரியர்கள் நியமனம்’, ‘அமைச்சர் அறிவிப்பு’ என்பன போல்வன இவை. புறவடிவில் இவை நான்கும் ஒன்றே. எனினும் முதற்பெயருக்கும் செயலுக்கும் உள்ள உறவு வேறுபடுகிறது. கைதிலும் நியமனத்திலும் முதற்பெயர் செயப்படுபொருள். ஆய்விலும் அறிவிப்பிலும் அதுவே வினைமுதல்.

உயர்திணைப் பெயரை அடுத்து வரும் இச்செயற்பெயர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் கைது, நியமனம், இடமாற்றம், பணிநீக்கம், மீட்பு முதலியன அடங்கும். இவற்றின் முன் நிற்கும் ஆட்பெயர் செயலுக்கு உட்படுபவரைக் குறிக்கும். இரண்டாம் வகையில் ஆய்வு, அறிவிப்பு, பேட்டி, கண்டனம், ராஜினாமா முதலியன அடங்கும். இவற்றின் முன் நிற்பவர் செயலைச் செய்பவர். மூன்றாம் வகையில் தாக்குதல், விசாரணை, புகார், பாராட்டு, அழைப்பு முதலியன அடங்கும். இவை இருபுறமும் பொருள்படுவன. ‘அதிகாரி விசாரணை’ என்பதில் அதிகாரி விசாரிப்பவராகவும் இருக்கலாம், விசாரிக்கப்படுபவராகவும் இருக்கலாம்.

இப்பகுப்பு ஆங்கிலத்தில் வினைவடிவைத் தெரிவுசெய்ய நேரடியாக உதவுகிறது. முதல் வகைத் தலைப்பு செயப்பாட்டுவினை கொண்ட தொடராகும்: ‘தி லீடர் வாஸ் அரெஸ்டெட்’. இரண்டாம் வகை செய்வினைத் தொடராகும்: ‘தி கலெக்டர் இன்ஸ்பெக்டெட்...’. இவ்விடத்தில் ஆங்கிலம் செயப்படுபொருளையும் வேண்டி நிற்கும். கலெக்டர் எதனை ஆய்வு செய்தார் என்பதைத் தலைப்பு கூறாவிடின் செய்தியின் முதற்பத்தியிலிருந்து அதனைப் பெற வேண்டும். மூன்றாம் வகையை இரு வழியிலும் தமிழில் விரித்துப் பார்த்து, செய்தியின் உடற்பகுதியோடு ஒப்பிட்ட பின்னரே மொழிபெயர்த்தல் தகும்.

இங்கு இலக்கண மரபுடன் ஒப்பிடத்தக்க ஒரு வேறுபாடு உள்ளது. உயர்திணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொகாது வெளிப்பட்டு நிற்றலைத் தொல்காப்பியத் தொகைமரபு சுட்டுகிறது. தலைப்பு வினைமுற்றிலோ பெயரெச்சத்திலோ அமையுமிடத்து இவ்வொழுங்கு இன்றும் பேணப்படுகிறது. ‘திருடனைப் பிடித்த பொதுமக்கள்’ என்றே எழுதுகின்றனர்; ‘திருடன் பிடித்த பொதுமக்கள்’ என எழுதுவதில்லை. ‘தண்ணீர் திறந்த அதிகாரிகள்’ என அஃறிணைப் பெயரில் மட்டும் உருபு தொகுகிறது. ஆயினும் வினை செயற்பெயராகிவிட்ட தலைப்பில் இக்காவல் தளர்ந்துவிடுகிறது. ‘திருடன் கைது’, ‘சிறுமி மீட்பு’ என உயர்திணைப் பெயரும் உருபின்றி நிற்கிறது. மூன்றாம் வகையில் மயக்கம் மிகுவதற்கு இதுவே காரணம்.

இம்மயக்கத்தைச் செய்தித்துறையினர் அறியாதவர் அல்லர். மயக்கம் நேரக்கூடிய இடங்களில் துணையாசிரியர்கள் உருபையோ சொல்லுருபையோ மீளக் கொணர்கின்றனர். ‘அதிகாரி மீது புகார்’, ‘அதிகாரியிடம் விசாரணை’, ‘மாணவருக்குப் பாராட்டு’ என்னும் வடிவங்களைக் காண்க. ஒரு சொல் மிகினும் பொருள் தெளிவாக வேண்டும் என்னும் நோக்கமே இவற்றில் வெளிப்படுகிறது. ஆகவே, மூன்றாம் வகைச் சொல் உருபின்றி வருமாயின், முன்நிற்பவரை வினைமுதலாகக் கொள்வதற்கு ஓரளவு சார்பு உண்டு. அஃது உறுதியான விதியன்று; செய்தியுடன் ஒப்பிடும்வரை வைத்துக்கொள்ளத்தக்க முதற்கோளே.

3. வினையெச்சமும் வினைமுதலும்

முன்னுரையில் சுட்டிய ‘கார் மோதி முதியவர் பலி’ என்பதில் வேறொரு சிக்கல் உள்ளது. ‘மோதி’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே முடிக்கும் சொல்லுக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்பது பொதுவிதி. இத்தலைப்பில் மோதியது கார்; இறந்தவர் முதியவர். வினைமுதல் இரண்டு. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பதில் ‘பட்டு’ என்பது ‘பட’ என்னும் பொருளில் நிற்பதாக உரையாசிரியர்கள் விளக்குவர். அதுபோலவே இங்கு ‘மோதி’ என்பது ‘மோதியதால்’ எனக் காரணப்பொருளில் நிற்கிறது. ‘மின்சாரம் தாக்கி’, ‘பாம்பு கடித்து’, ‘சுவர் இடிந்து’ எனத் தொடங்கும் விபத்துச் செய்திகள் யாவும் இவ்வமைப்பினவே.

மொழிபெயர்ப்பு வகுப்புகளில் வினையெச்சத்திற்கு இணையாக ஆங்கிலத்தின் ‘-இங்’ ஈற்று வடிவத்தைப் பயிற்றும் வழக்கம் உண்டு. அதனை இங்குக் கையாண்டால் ‘ஹிட்டிங் எ கார், அன் எல்டர்லி மேன் டைட்’ என்னும் தொடர் கிடைக்கும். ஆங்கிலத்தில் ‘-இங்’ வடிவம் பின்வரும் எழுவாயையே தன் வினைமுதலாகக் கொள்ளும். எனவே முதியவர் போய்க் காரில் மோதி இறந்தார் என்பதே இத்தொடரின் பொருளாகிறது. விபத்துக்கான பொறுப்பு இடம் மாறிவிட்டது. தமிழில் முதலில் ‘கார் மோதியதால் முதியவர் இறந்தார்’ என விரித்துக்கொண்டால் இப்பிழை நேராது. அதன்பின் ‘அன் எல்டர்லி மேன் டைட் ஆஃப்டர் எ கார் ஹிட் ஹிம்’ என எழுதலாம். தமிழில் வாராத ‘ஹிம்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் இன்றியமையாததாகிறது; மோதப்பட்டவர் முதியவரே என்பதை அது உறுதிசெய்கிறது. முதியவர் கார் ஓட்டியவரா நடந்து சென்றவரா என்பதில் ஐயம் இருப்பின், ‘ஹிம்’ எழுதுவதற்கு முன் செய்தியைப் பார்த்தாக வேண்டும்.

4. காலம் கரந்த தலைப்பு

‘பேருந்துக் கட்டணம் உயர்வு’ என்னும் தலைப்பு கட்டணம் உயர்ந்துவிட்டதா, உயரப்போகிறதா என்பதைக் கூறுவதில்லை. வினைத்தொகையைப் போன்றே செயற்பெயரும் முக்காலத்திற்கும் பொதுவாக நிற்கிறது. ‘நாளை மின்தடை’ போன்றவற்றில் காலப்பெயர் உதவுகிறது. அத்தகைய சொல் இல்லாதபோது உடற்பகுதியின் வினைமுற்றே வழிகாட்டும்.

வினைமுற்று உள்ள தலைப்பும் முழுத்தெளிவு தருவதில்லை. ‘பேருந்துக் கட்டணம் உயர்கிறது’ என்பது நிகழ்கால முற்றாயினும், உறுதியாக நிகழவிருப்பதனை நிகழ்வது போலக் கூறும் வழக்கே அதில் உள்ளது. இதனை ‘இஸ் ரைசிங்’ என மொழிபெயர்ப்பின் கட்டணம் இப்போது படிப்படியாக ஏறிவருகிறது என்னும் பொருள் தோன்றும். ‘வில் ரைஸ்’ அல்லது ‘இஸ் டு பி ரெய்ஸ்ட்’ என எதிர்காலத்தில் எழுதுவதே தலைப்பின் கருத்துக்கு இயையும். ‘இன்று’ என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. அது நாளிதழ் வெளியான நாளைக் குறிப்பது; ஆய்வேட்டில் அச்சொல்லுக்கு ஈடாக அந்நாளின் தேதியே இடம்பெற வேண்டும்.

5. ஒரு தலைப்பின் விரிவாக்கம்

மேற்கூறியவை ஒரே தலைப்பில் ஒன்றுகூடும்போது எவ்வாறு கையாள்வது என்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்.

‘மணல் கடத்தலைத் தடுத்த வி.ஏ.ஓ. மீது தாக்குதல்; 3 பேர் கைது’

தமிழில் விரிக்க முற்படுவோர் பெரும்பாலும் இவ்வாறு எழுதுவர்: ‘மணல் கடத்தலைத் தடுத்த கிராம நிர்வாக அலுவலரைத் தாக்கிய மூவரைப் போலீசார் கைது செய்தனர்.’ தொடர் இயல்பாக உள்ளது. ஆயினும் தலைப்பு சொல்லாத இரண்டு செய்திகள் இதில் புகுந்துள்ளன. முதலாவது, கைதானவர்கள் தாக்கியவர்களே என்பது. தலைப்பில் தாக்குதலையும் கைதையும் ஓர் அரைப்புள்ளி மட்டுமே இணைக்கிறது. மூவரும் மணல் கடத்திய குற்றத்திற்காகக் கைதாகியிருக்கலாம், தாக்கியவர்கள் தப்பியிருக்கலாம். இரண்டாவது, அவர்களே தாக்கினர் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தியாகிவிடுகிறது. கைது என்பது குற்றம் சாட்டப்பட்ட நிலையே அன்றித் தீர்ப்பு அன்று.

‘தடுத்த’ என்னும் பெயரெச்சமும் ஆராயத்தக்கது. தமிழ்ச் செய்திநடையில் ‘தடுத்த’ என்பது தடுத்து நிறுத்தியதையும் குறிக்கும். தடுக்க முயன்றதையும் குறிக்கும். ‘தட்டிக்கேட்ட வாலிபர்’ என்பது போன்றதே இதுவும். செயலின் பயன் கைகூடிற்றா என்பதை இவை சொல்வதில்லை. ஆங்கிலத்தின் ‘ஸ்டாப்ட்’ என்னும் வினை, கடத்தல் நின்றுவிட்டது எனவே பொருள்படும். அலுவலர் தாக்கப்பட்டபின் லாரி ஓட்டிச் செல்லப்பட்டது என உடற்பகுதி கூறுமாயின், ‘ஸ்டாப்ட்’ பிழையாகிவிடும். ‘ட்ரைட் டு ஸ்டாப்’ என்பதே பொருந்தும்.

‘3 பேர்’ என்பது ஆண், பெண் வேறுபாடு காட்டுவதன்று. ஆதலின் ‘த்ரீ மென்’ என எழுத இடமில்லை. ‘த்ரீ பீப்பிள்’ என்பதே தகும். வி.ஏ.ஓ. இன்னார் என முன்னர்க் கூறப்படாமையால் ‘எ’ என்னும் சொல்லே முன்வர வேண்டும். ‘தி’ என எழுதின் வாசகர் அறிந்த ஒருவராகிவிடுவார்.

இவற்றைக் கருதி, முயற்சி நிறைவேறவில்லை எனச் செய்தி கூறும் நிலையில், தலைப்பைப் பின்வருமாறு எழுதலாம்: ‘த்ரீ பீப்பிள் வேர் அரெஸ்டெட் ஆஃப்டர் எ வில்லேஜ் அட்மினிஸ்ட்ரேடிவ் ஆஃபீசர் ஹூ ட்ரைட் டு ஸ்டாப் சேண்ட் ஸ்மக்ளிங் வாஸ் அட்டாக்ட்.’ இத்தொடரில் இரண்டு செயப்பாட்டுவினைகள் உள்ளன. கைது செய்தவர் யார், தாக்கியவர் யார் என்பன இரண்டும் சொல்லப்படாமலே நிற்கின்றன. ‘ஆஃப்டர்’ என்னும் சொல் நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் காட்டுகிறது. மூவரும் தாக்கியவரே என்று கூறுவதில்லை. தமிழில் அரைப்புள்ளி ஆற்றிய பணியை அச்சொல் ஏறத்தாழ ஆற்றுகிறது.

இதிலிருந்து ஒரு நெறியைப் பெறலாம். தலைப்பில் தொக்கு நின்றவை அனைத்தையும் விரித்தாக வேண்டும் என்பதில்லை. ஆங்கில இலக்கணம் விடாது கேட்பவற்றை மட்டும் விரித்தல் வேண்டும்: காலம், ‘எ’ அல்லது ‘தி’, எழுவாய், சுட்டுப்பெயர் போல்வன. ஆங்கிலமும் சொல்லாது விடுவதற்கு இடம் தருமாயின், தலைப்பு விட்டதை மொழிபெயர்ப்பும் விட்டுவிடுதலே பொருத்தம். செயப்பாட்டுவினை, ‘ஆஃப்டர்’ போன்ற இணைப்புச்சொற்கள் ஆகியன அவ்விடம் தருபவை.

6. கூற்றும் உண்மையும்

‘மாநில நிதி போதவில்லை: அமைச்சர்’ என்னும் தலைப்பில் முக்காற்புள்ளியும் ஒரு பெயரும் சேர்ந்து ‘என்று அமைச்சர் கூறினார்’ என்பதன் பணியைச் செய்கின்றன. தொல்காப்பியர் கூறும் எச்சங்களுள் எனவெச்சமும் ஒன்று. இங்கு ‘என’ என்னும் சொல்லும் அதனை முடிக்கும் வினையும் ஒருங்கே மறைந்துள்ளன. ஆங்கிலத் தொடரில் ‘தி மினிஸ்டர் செட்’ என்பதனை மீட்காவிடின் கூற்று உண்மைச் செய்தியாகிவிடும்.

கூற்றுக்கு உரியவரைத் தலைப்பே மறைத்துவிடும் இடங்கள் இதனினும் கடினமானவை. ‘மோசடி செய்த மேலாளர் கைது’ என்னும் தலைப்பில் ‘செய்த’ என்னும் பெயரெச்சம் குற்றத்தை நிகழ்ந்ததாகவே கூறுகிறது. உடற்பகுதியோ பெரும்பாலும் ‘மோசடி செய்ததாக எழுந்த புகாரின் பேரில்’ எனத் தொடங்கும். ‘செய்த’, ‘செய்ததாக’ என்னும் இரண்டுக்கும் இடையிலுள்ள ‘ஆக’ என்னும் ஈறே தலைப்பில் தொக்கது. செய்தியை ஆங்கில வாசகருக்கு அறிவிப்பதே நோக்கமாயின் ‘அக்யூஸ்ட் ஆஃப்’ எனச் சேர்த்து எழுதுவது முறை. செய்தித்தாளின் மொழிநடையை ஆராயும் கட்டுரையில் அத்தலைப்பு சான்றாக வருமாயின், அவ்வாறு திருத்துதல் சான்றினையே அழிப்பதாகும். அங்குத் தலைப்பின் உறுதிக்கூற்றை அப்படியே மொழிபெயர்த்து, உடற்பகுதி அதனினின்றும் வேறுபடுவதைத் தனியே சுட்ட வேண்டும். எந்நோக்கிற்காக விரிக்கப்படுகிறது என்பதைத் தலைப்பு தீர்மானிப்பதில்லை. மொழிபெயர்ப்பவரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

முடிவுரை

தமிழ்த் தலைப்பின் சுருக்கம் ஒழுங்கற்றதன்று. செயற்பெயரில் முடியும் தலைப்புகளில் முன்நிற்கும் ஆட்பெயர் செய்பவரா செயலுக்கு உட்படுபவரா என்பதை அச்செயற்பெயரின் வகையே பெரிதும் உணர்த்துகிறது. இருபுறமும் பொருள்படும் செயற்பெயர்களிலும், வினைமுதல் வேறுபடும் வினையெச்சங்களிலும் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. தமிழிலேயே முதலில் விரித்தெழுதும் இடைப்படி இப்பிழைகளைப் பெருமளவு தவிர்க்கிறது. எனினும் விரிவு மிகுவதும் பிழையே. ஆங்கில இலக்கணம் வேண்டுவனவற்றை நிரப்பி, தலைப்பு சொல்லாதவற்றைச் சொல்லாமல் நிறுத்தும்போதே மொழிபெயர்ப்பு தலைப்பின் பொருளெல்லைக்குள் நிற்கிறது. செயற்பெயர்களின் மூவகைப் பகுப்பைப் பரந்த தலைப்புத் தொகுப்பு ஒன்றில் பொருத்தி, வகை மாறும் சொற்களைக் கண்டறிவது இவ்வாய்வின் அடுத்த படியாக அமையலாம்.